நூறு வார்டு, ஆயிரம் பேர்: வார்டுவாரிக் கருத்து மதிப்பீடு தப்பாக வந்தால் எங்கே பார்ப்பது?

மதுரை மாநகராட்சியில் 100 வார்டுகள். கையில் இருப்பது 1000 பேரிடம் எடுத்த சர்வே. வார்டுக்குச் சராசரியாக 10 பேர். சில வார்டுகளில் 4 பேர், இரண்டொன்றில் யாருமே இல்லை. கேள்வி இதுதான்: "தினமும் குழாயில் தண்ணீர் வரும் என்றால், வீட்டு இணைப்பில் மீட்டர் வைத்து, ஓடிய அளவுக்குப் பணம் கட்டச் சம்மதமா?" வார்டுவாரியாக எத்தனை சதவீதம் பேர் சம்மதிப்பார்கள் என்று கேட்கிறார்கள். பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஒரு வார்டைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரம் பேரும் சேர்ந்து வயது, படிப்பு, ஆண்-பெண் வித்தியாசம் பற்றி நிறையச் சொல்வார்கள். அதை எடுத்து, ஒவ்வொரு வார்டிலும் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கோடு பெருக்குவதுதான் multilevel regression and poststratification, சுருக்கமாக எம்ஆர்பி, என்று சொல்லப்படும் முறை. ஆண்ட்ரூ கெல்மனும் தாமஸ் லிட்டிலும் 1997-ல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து இது வளர்ந்தது.

வேலை இரண்டு பாகம். முதலில் பல்நிலை ரெக்ரஷன் மாடல். பிறகு மக்கள்தொகை அட்டவணை: ஆண்/பெண் 2, வயது 4 பிரிவு, படிப்பு 3 பிரிவு, ஆக வார்டுக்கு 24 கட்டம், நகரம் முழுக்க 2400 கட்டம். நிரலில் இந்த அட்டவணையின் பெயர் `cells`, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் என்பது `N`. R-ன் `brms` தொகுப்பில் தொடக்க மாடல் இவ்வளவுதான்:

```r
fit <- brm(yes ~ female + (1 | age) + (1 | edu) + (1 | ward),
           data = survey, family = bernoulli(),
           prior = prior(normal(0, 1), class = "sd"))
```

கீழே வரும் சர்வே எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. அறிகுறிகளை நான் தேடும் வரிசையிலேயே எழுதுகிறேன். அட்டவணையில் தவறு இருந்தால் மாடலை எவ்வளவு மாற்றினாலும் பலன் இராது என்பதால் அட்டவணை முதலில் வருகிறது.

அறிகுறி: 73 முதல் 100 வரையுள்ள வார்டுகளுக்கு மட்டும் விடை `NA`

வார்டு எண்ணை வைத்து இரண்டு கோப்புகளை இணைத்திருப்பீர்கள். ஒன்று உங்கள் சர்வே, இன்னொன்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வார்டு அட்டவணை. அந்தக் கணக்கெடுப்பு எடுத்தபோது மாநகராட்சி 72 வார்டுகளோடு இருந்தது. அதே ஆண்டு பிற்பாடு அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் போன்ற சுற்றுப்புற ஊர்களைச் சேர்த்து 100 வார்டாக்கினார்கள். அதனால்தான் 73-க்கு மேல் காலியாக நிற்கிறது.

காலியாக நிற்கும் 28 வார்டாவது கண்ணில் படும். ஆபத்து மற்ற 72-ல்தான் இருக்கிறது. அவை எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் இணைந்துவிடும். ஆனால் பழைய 15-ஆம் வார்டும் இன்றைய 15-ஆம் வார்டும் ஒரே இடம் அல்ல. `NA` வந்த வார்டுகளை மட்டும் எப்படியோ நிரப்பிவிட்டு மேலே போனால், மீதி 72 வார்டும் வேறொரு தெருக்கூட்டத்தின் மக்கள்தொகையோடு வெளியே போகும்.

சரிபார்க்க ஒரு வழி: பழைய பட்டியலிலும் புதிய பட்டியலிலும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த நான்கைந்து தெருக்களைத் தேடிப் பாருங்கள். செல்லூரில் ஒன்று, வில்லாபுரத்தில் ஒன்று, அனுப்பானடியில் ஒன்று போதும். எண் மாறியிருந்தால் அந்த இணைப்பையே தூக்கிப்போட வேண்டும்.

மாற்றாக, உள்ளாட்சித் தேர்தலுக்குத் தயாரிக்கும் வாக்காளர் பட்டியலை அடித்தளமாக எடுப்பது நல்லது. அது இன்றைய வார்டுப்படியே பிரிந்திருக்கும், வயதும் ஆண்-பெண் விவரமும் அதிலேயே உண்டு, 18-க்குக் கீழே யாரும் இருக்க மாட்டார்கள். இறந்தவர்களும் ஊர் மாறிப் போனவர்களும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பார்கள் என்பது அதன் குறை. அந்தக் குறை வயதானவர்களின் கட்டத்தில்தான் அதிகம் தெரியும்.

படிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. வயது, பால், படிப்பு மூன்றும் சேர்ந்த விவரத்தைக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்து, ஒவ்வொரு வயது-பால் கட்டத்தையும் மூன்றாகப் பிரிக்க வேண்டும். இங்கே 2011-ன் வயதை அப்படியே இன்றைய வயதாக வைத்துவிடக் கூடாது. அன்று 25 வயதாக இருந்தவர் இன்று 40-ஐ ஒட்டி நிற்கிறார், அவருடைய படிப்பும் அவரோடே வந்திருக்கிறது. எனவே அன்றைய 25-க்குரிய படிப்பு விகிதத்தை இன்றைய 30–44 பிரிவுக்குக் கொடுக்க வேண்டும். அன்று பள்ளிப் பிள்ளைகளாக இருந்து இன்று 18–29-ல் இருப்பவர்களுக்கு மட்டும் கணக்கெடுப்பு உதவாது. அவர்களுக்குத் தொழிலாளர் சர்வேயான பிஎல்எஃப்எஸ்-ல் தமிழ்நாட்டு நகர்ப்புற விகிதத்தை எடுத்துக்கொள்ளலாம். இப்படிச் செய்தால் ஒரே வயது, ஒரே பாலுக்கு எல்லா வார்டிலும் ஒரே படிப்பு விகிதம் என்று ஆகிவிடும். கே.கே.நகருக்கும் பழைய ஆலைத் தொழிலாளர் தெருக்களுக்கும் அது பொருந்தாது. வார்டுவாரி எழுத்தறிவு விகிதம் போல ஏதாவது ஒன்று புதிய எல்லைக்கு ஏற்பக் கிடைத்தால், அதற்குச் சரியாக வரும்வரை கட்டங்களை விகிதப்படுத்திச் சரிக்கட்டுங்கள். கிடைக்காவிட்டால் அறிக்கையில் அதை எழுதிவிடுவதுதான் நேர்மை.

அறிகுறி: மொத்த நகர விடை சர்வேயின் விடையோடு ஒத்துவரவில்லை

சர்வேயில் 60 சதவீதம் சம்மதம். வார்டுகளை எல்லாம் கூட்டினால் 58 வருகிறது. இது தவறாகவே இருக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு படியாக மாற்றிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். பகலில் கதவு தட்டிய சர்வே, அதனால் 1000 பேரில் 640 பேர் பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் பிடிக்கும் பாடு அவர்கள் தலையில்தான் விழுகிறது, அவர்களில் 66 சதவீதம் சம்மதம், ஆண்களில் 50. அப்படியானால் சர்வே சராசரி 60-ஐ ஒட்டி நிற்கும். வாக்காளர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் பெண்கள். அந்த விகிதத்தில் போட்டால் 58. இறங்கிய இரண்டு புள்ளிக்கும் கணக்கு கிடைத்துவிட்டது.

இதையே முறையாகச் செய்யலாம். முதலில் மாடல் தரும் நிகழ்தகவை அட்டவணைக்குப் பதில் சர்வேயில் பதில் சொன்ன 1000 பேருக்கே கணக்கிட்டுச் சராசரி எடுங்கள். அது 60-க்கு அருகில் வர வேண்டும். வராவிட்டால் மாடலிலோ `yes` என்ற பத்தியைக் குறியீடு செய்ததிலோ கோளாறு. வந்துவிட்டால் அடுத்து ஆண்-பெண் விகிதத்தை மட்டும் மக்கள்தொகைப்படி மாற்றுங்கள், பிறகு வயதை, பிறகு படிப்பை. எந்தப் படியில் விடை தாவுகிறதோ அந்தப் பத்தியின் `N`-ஐத் திறந்து பாருங்கள். நான் அடிக்கடி காண்பது, 18–29 என்ற கட்டத்துக்குள் குழந்தைகளும் சேர்ந்துவிடுவது. `sum(cells$N)` வாக்காளர் மொத்தத்தைவிடப் பெரிதாக இருந்தால் அதுதான்.

அறிகுறி: எல்லா வார்டும் 58-க்கும் 62-க்கும் நடுவிலேயே நிற்கிறது

அதிகம் பேர் தடுமாறும் இடம் இது. கூடவே, `brms`-க்குப் பதில் `lme4`-ல் ஓட்டியிருந்தால் இந்தச் செய்தியும் வந்திருக்கும்:

```
boundary (singular) fit: see help('isSingular')
```

வார்டுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டின் அளவு, அதாவது `sd(ward)`, பூஜ்யம் என்று அது முடிவுகட்டிவிட்டது என்று பொருள். பூஜ்யம் என்றால் எந்த வார்டும் தனக்கென்று எதுவும் சொல்லாது. வார்டுகளுக்கிடையே மிஞ்சும் சிறு வித்தியாசம் வயதும் படிப்பும் வேறுபடுவதால் வருவது மட்டுமே.

ஏன் இப்படி ஆகிறது என்பதை ஒரே வார்டை வைத்துப் பார்க்கலாம். நகரச் சராசரி 60. ஒரு வார்டில் 10 பேரில் 9 பேர் சம்மதம். மாடல் அந்த 90-ஐ அப்படியே நம்பாது. பத்துப் பேர் தரும் தகவலின் அளவு 10 × 0.6 × 0.4, அதாவது 2.4. எதிர்த் தட்டில் இருப்பது 1/σ². σ என்பது லாஜிட் அளவில் வார்டுகளின் வேறுபாடு. σ 0.3 என்றால் எதிர்த் தட்டு 11.1, வார்டின் சொந்தக் குரலுக்கு 2.4/13.5, ஏறத்தாழ 18 சதவீத எடை. விடை 65-க்கு வந்து நிற்கும். σ 0.1 என்றால் 61. σ 0.8 ஆக இருந்தால் 77 வரை போகும். அதே ஒன்பது பேர்தான், அதே பத்துப் பேர்தான். σ என்ற ஒற்றை எண்தான் 61-ஐயும் 77-ஐயும் பிரிக்கிறது. வார்டுக்குப் பத்துப் பேர் என்ற அளவில் அந்த σ-வைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கத் தகவல் போதாது. `lme4` ஒரே ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருப்பதால் சில நேரம் பூஜ்யத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

முதல் மருந்து, `brms` போன்ற பேய்ஸியன் முறைக்கு மாறுவது. அங்கே σ ஓர் எண்ணாக இல்லாமல் ஒரு பரவலாக வரும், 0.05-லிருந்து 0.5 வரை எதுவும் இருக்கலாம் என்ற நிச்சயமின்மை விடையிலும் தெரியும். ஆனால் இது பாதி மருந்துதான். வார்டுகள் இன்னும் நடுவிலேயே நிற்கும், பிழை வரம்பு மட்டும் கொஞ்சம் அகலும்.

உண்மையான மருந்து, வார்டைப் பற்றி வெளியிலிருந்து தெரிந்த ஒரு செய்தியை மாடலுக்குச் சொல்வது. தண்ணீர்க் கேள்விக்கு மதுரையில் கண்ணுக்குத் தெரிந்த பிளவு, பழைய 72 வார்டு எல்லைக்குள் இருந்ததா, 2011-ல் சேர்ந்த பகுதியா என்பது. சேர்ந்த பகுதிகளில் பலருக்கு வீட்டு ஆழ்துளைக் கிணறும் லாரித் தண்ணீரும் பழகியிருக்கலாம், மீட்டர் என்றதும் அவர்களுக்குத் தோன்றும் கேள்விகள் வேறாக இருக்கும். இதை 0/1 என்று ஒரே பத்தியாகச் சேர்க்கலாம்:

```r
fit2 <- update(fit, . ~ . + new_area, newdata = survey)
```

இப்போது பத்துப் பேர் தனித்தனியாகப் பேசுவதற்குப் பதில், சேர்ந்த பகுதியிலுள்ள எல்லா வார்டின் ஆட்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே எண்ணைத் தீர்மானிக்கிறார்கள். அதற்குத் தகவல் தாராளமாக இருக்கிறது. `new_area`-வின் குணகம் −0.9 என்றும், பழைய பகுதியின் மட்டம் லாஜிட்டில் 0.6 என்றும் வந்ததாக வைத்துக்கொள்வோம். பழைய வார்டு ஏறத்தாழ 65-ஐச் சுற்றி நிற்கும், சேர்ந்த வார்டு 43-ஐச் சுற்றி. ஆனையூர்ப் பக்கம் ஒரு வார்டில் சர்வேயில் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் அது இனி நகரச் சராசரியான 60-க்கு இழுக்கப்படாது. தன் பகுதியின் மட்டத்துக்கே போகும். எம்ஆர்பி-யில் சிறு பகுதிகளின் மதிப்பீடு நன்றாக வருவதற்கு இந்தப் பகுதி அளவிலான பத்திகளே பெரும்பாலும் காரணம். தனிமனிதப் பத்திகளைக் கூட்டிக்கொண்டே போவதால் அந்த அளவுக்கு ஆதாயம் கிடைப்பதில்லை.

அதற்காக இருபது வார்டு விவரங்களைக் கொட்டிவிடக் கூடாது. 100 வார்டுக்கு இரண்டு மூன்று பத்தி தாங்கும். கேள்வியோடு தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். தண்ணீருக்குக் குழாய் வரும் நாள் இடைவெளி பொருந்தும், வாகன எண்ணிக்கை பொருந்தாது.

சேர்த்த பத்தி உண்மையிலேயே உதவுகிறதா என்று பார்க்க, 20 வார்டுகளின் ஆட்களை முழுக்க ஒதுக்கிவைத்துவிட்டு மீதியில் மாடலை ஓட்டுங்கள். ஒதுக்கிய வார்டுகளைத் தனித்தனியாக ஒப்பிடுவதில் பயன் இல்லை, பத்துப் பேர் சராசரி அவ்வளவு ஆடும். மாடல் கணிப்பின்படி மேலே உள்ள பத்து வார்டு, கீழே உள்ள பத்து வார்டு என்று இரண்டாகக் கட்டி, இரண்டு கட்டிலும் ஏறத்தாழ நூறு பேர் உண்மையில் என்ன சொன்னார்கள் என்று பாருங்கள். கணிப்பில் இருக்கும் இடைவெளி அங்கேயும் ஓரளவு இருந்தால் பத்தி வேலை செய்கிறது.

அறிகுறி: `divergent transitions` எச்சரிக்கை

σ பூஜ்யத்தை ஒட்டி நிற்கும்போது இது வருவது வழக்கம். `control = list(adapt_delta = 0.95)` என்று வைத்துத் திரும்ப ஓட்டினால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் ஆண்/பெண்ணை `(1 | sex)` என்று எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டே மட்டத்தை வைத்து ஒரு வேறுபாட்டளவைக் கணிக்கச் சொன்னால் மாடல் திணறும். மேலே எழுதியது போல `female` என்று சாதாரணப் பத்தியாகவே வைத்துவிடலாம்.

அறிகுறி: வார்டின் பிழை வரம்பு நம்ப முடியாத அகலம், அல்லது நம்ப முடியாத குறுகல்

அகலமாக இருந்தால் முதலில் கணக்கிட்ட வரிசையைப் பாருங்கள். 24 கட்டத்துக்கும் தனித்தனியே மேல் வரம்பு, கீழ் வரம்பு எடுத்துவிட்டு அந்த வரம்புகளை `N`-ஆல் சராசரி செய்திருந்தால், எல்லாக் கட்டமும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் தவறும் என்று வைத்துக்கொண்டதாகிறது. வரம்பு தேவைக்கு மேல் விரியும். சராசரி முதலில், அதுவும் ஒவ்வொரு போஸ்டீரியர் எடுப்புக்கும் தனியாக, வரம்பு கடைசியில்:

```r
p <- posterior_epred(fit2, newdata = cells,
                     allow_new_levels = TRUE)
est <- sapply(unique(cells$ward), function(k) {
  i <- cells$ward == k
  p[, i] %*% cells$N[i] / sum(cells$N[i])
})
apply(est, 2, quantile, c(0.05, 0.5, 0.95))
```

`posterior_epred` நேராக நிகழ்தகவைத் தருவதால் லாஜிட்டில் சராசரி எடுத்துவிட்டுப் பிறகு மாற்றும் தவறும் இதில் நுழையாது. `allow_new_levels` இல்லாவிட்டால் ஆளே கிடைக்காத வார்டில் நிரல் நின்றுவிடும்.

இவ்வளவு சரியாகச் செய்தும் ஒரு வார்டுக்கு 45 முதல் 70 வரை என்று வந்தால், அது உண்மையான நிலவரம். அந்த வரம்போடு வார்டுகளை ஒன்று முதல் நூறு வரை தரவரிசைப்படுத்தி அட்டவணை போட வேண்டாம். `est`-ஐ வார்டுகளின் மக்கள்தொகை எடையோடு ஐந்து மண்டலமாகக் கூட்டினால் வரம்பு கணிசமாகச் சுருங்கும். வார்டளவில் கேட்டே தீர வேண்டும் என்றால், "இந்த வார்டில் சம்மதம் பாதியைத் தாண்டும் வாய்ப்பு எவ்வளவு" என்ற கேள்விக்கு `mean(est[, k] > 0.5)` நேரான பதில் தரும்.

குறுகலாக வந்தால் எனக்குக் கவலை அதிகம், ஏனென்றால் பார்க்க அழகாக இருப்பதால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அப்போது களத்துக்குப் போன தம்பியிடம் கேட்க வேண்டும், அந்தப் பத்துப் பேரை எங்கே பிடித்தாய் என்று. "ஒரே தெருவுலயே பத்துப் பேரையும் முடிச்சுட்டேன்ணே, எல்லாரும் வீட்டுல இருந்தாங்க" என்ற பதில் வந்தால் காரணம் தெரிந்துவிட்டது. அந்தத் தெருவில் குழாய் உடைந்து இரண்டு வாரமாகச் சேறு கிடந்தால் பத்துப் பேரும் ஒரே மாதிரி பேசுவார்கள். மாடல் அவர்களைப் பத்துத் தனி ஆட்களாக எண்ணி, தெருவின் கோபத்தை வார்டின் கருத்தாக எழுதிவிடும்; `sd(ward)` பெரிதாகும், முன்பு பார்த்தபடி வார்டின் குரலுக்கு எடை கூடும், தவறான விடை இன்னும் உறுதியோடு வெளியே வரும்.

வார்டுக்கு ஒரு தெருதான் என்றால் மாடலால் இதைச் சரிசெய்ய வழியே இல்லை, ஏனென்றால் தெருவும் வார்டும் தரவில் ஒன்றாகவே அசைகின்றன. வார்டுக்கு இரண்டு மூன்று தெருவாகப் பிரித்து, தெருவுக்கு மூன்று நான்கு பேராக எடுத்திருந்தால் `(1 | ward/street)` என்று எழுதிப் பிரித்துவிடலாம். கணிக்கும்போது `re_formula`-வில் தெருவை மட்டும் விட்டுவிட்டு வயது, படிப்பு, வார்டு மூன்றையும் வைத்துக்கொள்ள வேண்டும். களம் இன்னும் முடியவில்லை என்றால், ஆட்களை 1000-லிருந்து 1200 ஆக்குவதற்குச் செலவழிக்கும் பணத்தை அதே 1000 பேரை அதிகத் தெருக்களில் பரப்புவதற்குச் செலவழியுங்கள். ஒரு வார்டில் பத்துப் பேரும் பத்துத் தெருவிலிருந்து வந்தால் இன்னும் நல்லது. நடை கூடும் என்பதால் களப்பணியாளரின் நாள் கணக்கில் அதற்கு இடம் விட்டுத்தான் கேட்க வேண்டும்.